கத்திரி வெயிலும் கால் கிலோ தயிரும்!

வேலூரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டு. 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை!' இதில் சாமி மட்டும் 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பெயரைப் பாருங்கள்... ஜலகண்டேஸ்வரர்! ஊருக்குக் கிடைக்காத ஜலம் சாமி பெயரிலாவது இருக்கட்டுமே என்று வைத்தார்களோ என்னவோ. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளமே புரண்டு ஓடியது. ஓடி என்ன செய்ய? மே மாதத்தில் ஓடாதே!

கடல் காற்று எட்டாத ஊர். சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேமித்து வைத்து, ராத்திரி வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிற மலைகள். மே 4-ந் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் 28 வரைக்கும் நாங்கள் மனிதர்கள் இல்லை, அப்பளங்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பையன்கள், அம்மா. அந்த நான்கு வாரத்துக்கு மட்டும் சமையலறையின் அரசியல் சட்டத்தையே திருத்தி எழுதிவிடுவார் அம்மா. மெனு அவருடையது. அமல்படுத்துவது மனைவி. மார்க்கெட்டுக்குப் போய்க் காய் பார்த்து வாங்குவது நான். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். மெஸ் சாப்பாட்டுப் பேச்சிலர்களும் பாதியில் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அம்மாவின் சட்டத்தில் முதல் ஷரத்து: மே மாதத்தில் வறுவல் கிடையாது.

"ஏம்மா, உருளைக்கிழங்கு வறுவல் என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றான் பெரியவன்.

"வறுவல்னா என்னடா? காயில இருக்குற தண்ணிய வெரட்டிட்டு அந்த எடத்துல எண்ணெயக் குடி வெக்கறது. வெளியில வெயில் வெரட்டுறது போதாதா?"

யோசித்துப் பார்த்தால், ஒரு விஞ்ஞானி சொல்ல வேண்டிய வாக்கியம் இது. சுரைக்காய், வெள்ளரிக்காய், வெண்பூசணி, புடலங்காய், பீர்க்கங்காய், முள்ளங்கி... இவை எல்லாவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். காய்க்காரர் தண்ணீரைத் தராசில் நிறுத்து விற்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை வாணலியில் போட்டுச் சுண்டச் சுண்ட வதக்கினால் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரெல்லாம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அதே காயைக் கூட்டாகவோ, மோர்க்குழம்பாகவோ, பச்சடியாகவோ செய்தால் தண்ணீர் வயிற்றுக்கு வந்து சேரும். வெயில் காலத்துச் சமையல் என்பது பெரும்பாலும் இந்த ஒரு கணக்குதான்.

ஒரு நாளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். திங்கட்கிழமை, சுரைக்காய்க் கூட்டு.

ஐந்து பேருக்கு ஒரு கிலோ சுரைக்காய் வேண்டும். நேதாஜி மார்க்கெட்டில் நான் கடைப்பிடிக்கிற வழி: இளம்பச்சையாக, மேலே மெல்லிய ரோமம் இருக்க வேண்டும். பார்வைக்குச் சின்னதாக, கைக்குக் கனமாக இருக்க வேண்டும். காம்புப் பக்கம் நகத்தை லேசாக வைத்தால் இறங்க வேண்டும். (கடைக்காரர் பார்க்காதபோது வைப்பது நல்லது!) நகம் இறங்கவில்லை என்றால் அது முற்றல். உள்ளே விதை பல் மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் செய்கிற காரியம், ஒரு துண்டு நறுக்கிப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்ப்பது. கசந்தால் மொத்தக் காயும் குப்பைக்கு! 'ஐயோ, காசு கொடுத்து வாங்கினதாச்சே' என்ற பேச்சே கிடையாது. பல வருஷமாக இதை ஏதோ சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற விஷப்பொருள் இருக்கிறது. வேக வைத்தாலும் போகாது. 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்து போனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு கமிட்டி போட்டு விசாரித்துச் சொன்ன யோசனையும் இதேதான்: சாறு எடுக்கும் முன் ஒரு சின்னத் துண்டைக் கடித்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள். குடித்த பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி. 'கசப்பு உடம்புக்கு நல்லது' என்று பாகற்காய்க்குச் சொல்கிற வசனத்தைச் சுரைக்காய்க்குச் சொல்லக் கூடாது.

வெள்ளரிக்கும் இதே குடும்பம், இதே குணம். நுனியை வெட்டி நுரை வரத் தேய்த்தால் கசப்பு போய்விடும் என்பார்கள். நுனியில் கசப்பு கொஞ்சம் அதிகம் என்பதால் நுனியை வெட்டிப் போடுவது சரி. நுரைக்கும் கசப்புக்கும் சம்பந்தமில்லை. வெட்டிய பிறகும் நடுத்துண்டு கசந்தால் அதற்கும் குப்பைதான் கதி.

சரி, கூட்டுக்கு வருவோம். நூறு கிராம் பாசிப்பருப்பை முக்கால் பதத்துக்குத் தனியே வேக வைத்துக்கொள்ள வேண்டும். தோல் சீவி நறுக்கிய சுரைக்காயை அகலமான பாத்திரத்தில் போட்டு ஒரே ஒரு டம்ளர் தண்ணீர். அதற்கு மேல் வேண்டாம், காயே மிச்சத் தண்ணீரைக் கொடுக்கும். தட்டைப் போட்டு மூடினால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். குக்கரில் மட்டும் போடாதீர்கள். மூன்று விசில் கழித்துத் திறந்தால் சுரைக்காய் தலைமறைவாகியிருக்கும். பிறகு பருப்பைச் சேர்த்து உப்புப் போட்டு, இரண்டு பச்சைமிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், கால் மூடி தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் முடிந்தது. மொத்தம் அரை மணி. எங்கள் வீட்டில் ஐந்தரைக்கு அடுப்பு பற்றினால் எட்டு மணிக்கு அணைந்துவிடும். அதற்குமேல் சாயங்காலம் வரை அடுப்பங்கரைக்கு விடுமுறை. மே மாதம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சமையலறையில் நின்று பூரி பொரிப்பவர்களுக்குப் பத்ம விருது கொடுக்கலாம்.

அந்த ஒரு கிலோ சுரைக்காயில் தோலும் விதையும் போக முக்கால் கிலோ மிஞ்சும். அதில் ஏறக்குறைய எழுநூறு மில்லி தண்ணீர். ஊற்றிய டம்ளரையும் சேர்த்தால் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைச் சோற்றோடு பிசைந்தே சாப்பிட்டு விடுகிறோம். தண்ணீர் குடி என்றால் ஓடுகிற சின்னவனுக்கு இது நல்ல பொறி!

ஆபீஸ் டிபன் பாக்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேங்காய் அரைத்த எதுவும் மே மாதத்தில் பகல் ஒரு மணிவரை தாங்காது. அதனால் மனைவி எனக்கான கூட்டைத் தேங்காய் ஊற்றும் முன்பே எடுத்து வைத்துவிடுகிறாள். கூடவே தயிர் சாதம். அதில் ஒரு தந்திரம் உண்டு. குழைந்த சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது நிறையப் பாலும், ஒரே ஒரு ஸ்பூன் தயிரும், உப்பும். காலை எட்டுக்குப் பால் சாதமாகக் கிளம்பி, பஸ்ஸில் வரும்போதே உறைந்து, ஒரு மணிக்குப் புளிக்காத தயிர் சாதமாக ஆபீஸில் திறக்கும். தொட்டுக்கொள்ள வெள்ளரித் துண்டுகள் தனி டப்பாவில். அதற்கு உப்பு வீட்டிலேயே தூவக் கூடாது. உப்புப் பட்டால் வெள்ளரி தன் தண்ணீரையெல்லாம் டப்பாவில் கக்கிவிட்டு, ரிடையர் ஆனவர் மாதிரி துவண்டு கிடக்கும். சிட்டிகை உப்பைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய்ச் சாப்பிடும்போது தூவிக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் புடலங்காய்க் கூட்டு, சுரைக்காய்க்குச் சொன்ன அதே கதை. புதன் வாழைத்தண்டு மோர்ப் பச்சடி: வட்டமாக நறுக்கும்போது வருகிற நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, பொடியாக அரிந்து மோரில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துவிடும். வியாழன் பீர்க்கங்காய். தோலைத் துவையல் அரைத்தால் ராத்திரி இட்லிக்கு ஆச்சு. வெள்ளி முள்ளங்கி சாம்பார். சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான், வீட்டில் சாப்பாடு. அன்று மட்டும்தான் தேங்காய் அரைத்த வெண்பூசணி மோர்க்குழம்பு. மோரை ஊற்றிய பிறகு ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். 'இன்னும் ஒரு கொதி' என்று விட்டால் மோர் திரிந்துபோய், குழம்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகக் கட்சி பிரிந்துவிடும்.

கத்தரிக்காய் எங்கே என்று கேட்பீர்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, எங்கள் மாவட்டத்துப் பெருமை! ஆனால் எண்ணெயில் நீந்தினால்தான் அதற்கு ருசி. கத்திரி வெயில் முடியும்வரை கத்தரிக்காய்க்கு எங்கள் வீட்டில் தடை உத்தரவு.

இப்போது குடிக்கிற விஷயம். இதில்தான் படித்தவர்களும் கோட்டை விடுகிறார்கள்.

வெயிலில் அலைகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூடப் போகும். வியர்வையை நாக்கில் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். அதாவது தண்ணீரோடு உப்பும் போகிறது. நாள் முழுக்க வியர்த்துவிட்டு வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் தண்ணீர் கணக்கு சரியாகும், உப்புக் கணக்கு உதைக்கும். தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, சோர்வு எல்லாம் வரும். தண்ணீரும் உப்பும் ஒரே டம்ளரில் வரவேண்டும் என்றால் அதற்கு நம்மூரில் பெயர் நீர்மோர்.

எங்கள் வீட்டு அளவு இது. கால் கிலோ தயிருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். முதலில் தயிரை ஒரு டம்ளர் தண்ணீரோடு மத்தால் நன்றாகக் கடைந்துவிட்டு, அப்புறம்தான் மிச்சத் தண்ணீர். மொத்தமாக ஊற்றிக் கலக்கினால் கட்டி கட்டியாக மிதக்கும். உப்பு, டீஸ்பூனில் தலைதட்டி முக்கால். ஒரு துண்டு இஞ்சி, பாதி பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி நசுக்கிப் போட்டு, துளி பெருங்காயம். தாளிக்க வேண்டாம், எண்ணெய் மேலே ஏடு மாதிரி நிற்கும். இது ஆறு டம்ளர் வரும். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை என்று இரண்டு தடவை கலக்கினால் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாள் முழுக்க வரும். இது தண்ணீருக்கு மேலே, தண்ணீருக்குப் பதில் அல்ல.

இரண்டு இடங்களில் இது கெடும். ஒன்று, தயிர். குளிர்காலத்தில் உறை ஊற்றுகிற அளவு மே மாதத்தில் ஊற்றினால் விடிவதற்குள் புளித்துவிடும். ராத்திரி படுக்கப் போகும்போது கால் ஸ்பூன் உறை போதும். இன்னொன்று, தண்ணீர். மோரைக் கொதிக்க வைக்கப் போவதில்லை. ஆகவே ஊற்றுகிற தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். தெருமுனை மோர்ப் பந்தலில் நான் முதலில் பார்ப்பது தலைவர் போஸ்டரை அல்ல, அண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரை! ஐஸ் கட்டி மிதந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அது எந்தத் தண்ணீரில் உறைந்தது, எந்தச் சாக்கில் உருண்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

அம்மாவுக்கு பி.பி. உண்டு. அவர் டம்ளரை உப்புப் போடும் முன்பே எடுத்து வைத்துவிடுகிறோம். அவருக்கு டாக்டர் சொன்ன உப்பு, சாப்பாட்டிலேயே சேர்ந்துவிடும். இளநீர்க்காரரிடம் போகும்போதும் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவே ஆபத்தாகலாம், டாக்டரைக் கேட்காமல் தரக் கூடாது. பானகமும் நன்னாரி சர்பத்தும் குளிர்ச்சிதான், ஆனால் சர்க்கரை வியாதிக்காரருக்கு அல்ல. 'வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே' என்று எங்கள் ஹெட்கிளார்க் மாதிரி வாதாட வேண்டாம்.

பதநீர் அதிகாலைச் சரக்கு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது பதநீர், தடவாவிட்டால் கள். வெயில் ஏற ஏற சுண்ணாம்பையும் மீறிப் புளிக்கத் தொடங்கும். நுரைத்துக்கொண்டு, நாக்கில் சுருக்கென்றால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு சொம்பு பதநீர் ஏற்றிக்கொண்டு வந்தார். நான்கு மணிக்கு ஃபைல் மீது தலை. மறுநாள் மெமோ!

நுங்கு வாங்கினால் கட்டை விரலில் அமுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தளும்ப வேண்டும். ரப்பர் மாதிரி எதிர்த்தால் முற்றல், தின்றால் ராத்திரி வயிறு பேசும்.

மண்பானையை விட்டுவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். பானை கசிகிறது, கசிந்த ஈரம் காற்றில் காய்கிறது, காயும்போது பானையின் சூட்டைப் பறித்துக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் ரகசியம். எங்களுடையது வறண்ட வெயில் என்பதால் பானை ஜில்லென்று இருக்கும். சென்னைப் புழுக்கத்தில் இந்த அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள், அங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பானை காயாது. உங்கள் வியர்வையும் காயாது. பெயின்ட் அடித்த அலங்காரப் பானையை வாங்காதீர்கள். துவாரம் அடைபட்டால் கசியாது, கசியாவிட்டால் குளிராது. ஃபிரிட்ஜ் தண்ணீர் குற்றமல்ல. ஆனால் அதைப் பல் கூசச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கிறோம். பானைத் தண்ணீர் ஒரு சொம்பு மடமடவென்று இறங்குகிறது.

போதுமான அளவு குடித்தோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைச் சபையில் சொல்லக் கூச்சம்தான், இருந்தாலும் பாத்ரூமில் கீழே குனிந்து பாருங்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தால் பாஸ். மஞ்சள் அடர்ந்து டீ டிகாஷனை நெருங்கினால் ஃபெயில். அதிலும் பைக்கில் சுற்றுகிற சேல்ஸ் பிரதிநிதிகள், 'வழியில் ஒதுங்க இடமில்லை' என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான்.

போன மே மாதம் எங்கள் தெருவில் மீட்டர் பார்க்க வந்த இளைஞர் அப்படித்தான் வாசலில் சரிந்தார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பேர் கேட்டால் ஏதோ உளறினார். பக்கத்து வீட்டு மாமி ஒரு சொம்பு மோரோடு ஓடி வந்தார். அம்மா தடுத்துவிட்டார்.

"வாயில ஊத்தாதீங்க மாமி! நெனவு இல்லாதவனுக்கு ஊத்துனா மூச்சுக் குழல்ல போயிடும். மேல ஊத்துங்க!"

திண்ணை நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் ஒற்றி ஒற்றி, இரண்டு பக்கமும் விசிறி, அதற்குள் நான் 108-க்குப் போன் செய்து... ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண் திறந்துவிட்டார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினோம். வெறும் மயக்கம், சோர்வு என்றால் நிழலும் நீர்மோரும் போதும். உளறலும் கொதிக்கிற உடம்பும் சேர்ந்து வந்தால் அது வெப்ப அதிர்ச்சி. அதற்குச் சமையலறையில் மருந்து கிடையாது.

மறுவாரம் அந்தப் பையன் மறுபடி வந்தான், மீட்டர் பார்க்கத்தான்.

"காலைல என்னப்பா சாப்ட்டே?" என்றார் அம்மா.

"டீயும் பன்னும்மா."

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். எங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் கூழ். முதல் நாள் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, அரிசி நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்தது. சின்ன வெங்காயம், மோர் மிளகாய். இது இல்லாத வீட்டில் பழைய சோறு. சோறு நன்றாக ஆறிய பிறகு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, காலை எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கரண்டியில் எடுத்தால் நூல் இழுத்தாலோ, புளிப்பைத் தாண்டிக் கெட்ட வாடை அடித்தாலோ மாட்டுத் தொட்டிக்குப் போகட்டும்.

பையன் இரண்டு சொம்பு கூழ் குடித்தான். கிளம்பும்போது மீட்டரைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னான்:

"யூனிட் எக்கச்சக்கமா ஏறியிருக்கும்மா. ஃபேன் ஜாஸ்தியா ஓடுது போல..."

"அதுக்கு என்னப்பா மெனு வெச்சிருக்கே?" என்றார் அம்மா.